மருந்தக நாட்கள் – 7: கணக்கு டேலி ஆன ரேக்

டி.பார்ம் முடித்தவன் 500 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். அதற்காக மருத்துவமனை மருந்தகத்தில் சேர்ந்த எனக்கு, ஜூன் மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கச் சொல்லி ஊசி மருந்து ரேக்கைக் கொடுத்தார்கள். செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் குப்பிகளை எண்ணினேன்: 46. கம்ப்யூட்டரிலும் 46. ஷீட்டில் டிக் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தேன்.

“பேட்ச் பார்த்தியா தம்பி?” என்றார் பார்மசிஸ்ட் அக்கா. பார்க்கவில்லை.

குப்பிகளைத் திருப்பி லேபிளைப் படித்தபோது இரண்டு பேட்ச் கலந்திருந்தது தெரிந்தது. ஒன்றுக்கு ஆகஸ்டில் எக்ஸ்பயரி, மற்றதற்கு நவம்பரில். கம்ப்யூட்டர் ஆகஸ்ட் பேட்சில் 6, நவம்பர் பேட்சில் 40 என்றது. ரேக்கில் இருந்ததோ ஆகஸ்ட் 28, நவம்பர் 18.

ஒரு குப்பிகூடத் தொலையவில்லை. நடந்தது இதுதான். இரண்டிலும் 40 குப்பிகள் வந்திருந்தன. நவம்பர் பேட்ச் முதலில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. ஆகஸ்ட் பேட்ச் பிறகு வந்து பின்னால் போனது. புதிதாக வந்த சரக்குக்கு எக்ஸ்பயரி தள்ளித்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லையே! பில் போடும் சாஃப்ட்வேர் சீக்கிரம் முடியும் பேட்சைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். கை மட்டும் முன்னால் இருப்பதை எடுக்கும். அப்படிப் போன 34 குப்பிகளும் பில்லில் ஆகஸ்ட் பேட்ச். அவற்றில் 22 உண்மையில் நவம்பர் பேட்ச்.

“மொத்தம்தான் சரியா இருக்கே அக்கா?”

“இன்னும் ஆறு பில் போட்டா கம்ப்யூட்டர்ல ஆகஸ்ட் பேட்ச் தீர்ந்துடும். அப்புறம் எக்ஸ்பயரி லிஸ்ட் எடுத்தா அது வருமா?”

வராது. செப்டம்பர் ஒன்றாம் தேதி ரேக்கின் பின்வரிசையில் காலாவதியான குப்பிகள் நிற்கும், லிஸ்ட் காலியாக இருக்கும். (லேபிளில் மாதம் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும்.) கம்பெனி ஒரு பேட்சைத் திரும்பக் கேட்டாலும், அது எந்த நோயாளிக்குப் போனது என்று நம் பில்லை வைத்துச் சொல்ல முடியாது.

28 குப்பிகளையும் முன்னால் இழுத்து வைத்தோம். கம்ப்யூட்டரில் பேட்ச் கணக்கைத் திருத்தி, காரணத்தையும் அக்கா எழுதி வைத்தார். மூன்று மாதத்துக்குள் முடியும் சரக்கு என்பதால் தட்டில் சிவப்பு ஸ்டிக்கர்.

அதன் பிறகு மாத்திரை டிராயர். அங்கே நான்கு மாத்திரைகளோடு ஒரு துண்டு அட்டை கிடந்தது. பேட்சும் தேதியும் அச்சடித்த முனையைத்தான் யாரோ முதலில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மறுமுனையிலிருந்து வெட்டியிருந்தால் கடைசி மாத்திரை வரை தேதி கூடவே இருந்திருக்கும். பக்கத்தில் அதே மருந்தின் முழு அட்டை இருந்தது. அந்தத் தேதியையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அக்கா பதில் பேசாமல், காலாவதி மருந்துகளுக்கான பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

(தொடரும்)