சுருக்கச் சுருக்கக் கெடும் கணக்கு

பிளஸ் டூ கணிதத்தில் வகைக்கெழுவுக்குக் கொடுக்கும் வரையறை எல்லோருக்கும் நினைவிருக்கும். சார்பின் மதிப்பை x என்ற இடத்தில் எடுங்கள், கொஞ்சம் தள்ளி x+h என்ற இடத்திலும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை h-ஆல் வகுங்கள். பிறகு h-ஐப் பூச்சியத்தை நோக்கிக் கொண்டுபோங்கள். கணினி முதல் மூன்றையும் அப்படியே செய்யும். நான்காவதை அதனால் செய்ய முடியாது. ஏதாவது ஒரு h-ஐ எண்ணாகக் கொடுத்தாக வேண்டும்.

எந்த எண்ணைக் கொடுப்பது? வரையறையை மனப்பாடம் செய்தவர்கள் தயங்காமல் சொல்வார்கள்: முடிந்தவரை சிறிய எண். சார்பு என்பது காகிதத்தில் எழுதிய சூத்திரமாக இல்லாமல் பல்லாயிரம் வரி நிரலாக இருக்கும்போது, அதன் வகைக்கெழுவை அறியப் பெரும்பாலும் இந்த வழியைத்தான் நாடுகிறார்கள். ஓர் இயந்திரத்தின் வெப்பநிலையைக் கணிக்கும் நிரல் இருக்கிறது, எரிபொருளைச் சற்றே கூட்டினால் வெப்பம் எவ்வளவு கூடும் என்று தெரிய வேண்டும் என்றால், கூட்டிப் பார்த்துக் கழித்து வகுப்பதுதான் கையில் இருக்கும் எளிய வழி. அங்கே "முடிந்தவரை சிறியது" என்ற பதில் கணக்கை அடியோடு கெடுத்துவிடும்.

விடை முன்பே தெரிந்த ஒரு சார்பில் இதைச் சோதித்துவிடலாம். e-இன் அடுக்கு x என்ற சார்பின் வகைக்கெழு அதே சார்புதான். ஆகவே x = 1 என்ற இடத்தில் சரியான விடை 2.718281828459045. பைத்தான் தெரிந்தவர்கள் இந்த நான்கு வரிகளை ஓட்டிப் பார்க்கலாம்:

```python
from math import exp
for k in range(1, 17):
    h = 10.0**-k
    print(k, (exp(1+h) - exp(1))/h)
```

h 0.1 ஆக இருக்கும்போது விடை 2.8588. 0.01-க்கு 2.7319. 0.0001-க்கு 2.718418. இதுவரை பாடப்புத்தகம் சொன்னபடியே நடக்கிறது. H பத்தில் ஒன்றாகும்போது பிழையும் பத்தில் ஒன்றாகிறது. 1e-8, அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு, வரும்போது 2.71828182186 கிடைக்கிறது, பிழை 6.6e-9 தான். இன்னும் சுருக்கினால் கதை திரும்புகிறது. 1e-12-க்கு விடை 2.718714. இது 0.0001-க்குக் கிடைத்ததைவிட மோசம். 1e-15-க்கு 3.1086. 1e-16-க்கு விடை பூச்சியம்.

இறங்கி வந்த பிழை திரும்ப ஏறுகிறது என்றால், இங்கே இரண்டு வேறு வேறு பிழைகள் வேலை செய்கின்றன என்று பொருள்.

முதலாவது, வளைகோட்டின் வளைவால் வருவது. வகைக்கெழு கேட்பது தொடுகோட்டின் சரிவை. நாம் கணக்கிடுவதோ வளைகோட்டின் மேல் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் நாணின் சரிவை. டெய்லர் தொடரை முதல் படியோடு நிறுத்தி மீதியை வெட்டிவிடுவதால் வரும் வித்தியாசம் இது. வெட்டுப் பிழை என்று சொல்லலாம். அதன் அளவு ஏறத்தாழ h-இல் பாதியை இரண்டாம் வகைக்கெழுவால் பெருக்கியது. நம் சார்பில் இரண்டாம் வகைக்கெழுவும் 2.718 தான் என்பதால், இந்தப் பிழை 1.36 × h. h = 0.01-க்கு 0.0136 வர வேண்டும். மேலே வந்த 2.7319-இலிருந்து சரியான விடையைக் கழித்துப் பாருங்கள், அதுவே வரும்.

இரண்டாவது பிழை கணினி எண்களைச் சேமிக்கும் விதத்தில் பிறக்கிறது. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரப்படி, நாம் அன்றாடம் பயன்படுத்தும் தசம எண்கள் 53 இரும இலக்கங்களில் சேமிக்கப்படுகின்றன. எண்கோட்டில் கணினிக்குத் தெரிந்த புள்ளிகள் தனித்தனியாக, நடுவே வெற்றிடம் விட்டு நிற்கின்றன. 1-க்கு அடுத்ததாக அதற்குத் தெரிந்த எண் 2.22e-16 தள்ளி இருக்கிறது. 2.718-க்குப் பக்கத்தில் இந்த வெற்றிடம் 4.44e-16. நடுவில் விழும் எந்த எண்ணும் அருகிலுள்ள புள்ளிக்கு முழுதாக்கப்படும்.

ஒரு தனி எண்ணுக்கு இந்த முழுதாக்கல் பிழை ஒரு பொருட்டே இல்லை. கழித்தலில்தான் அது பெரிதாகிறது. லாரி எடை மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரோடு ஒரு முறை, டிரைவர் இறங்கியபின் ஒரு முறை எடை போட்டுக் கழித்தால் டிரைவரின் எடை 60 என்றோ 70 என்றோ வரும். லாரியின் எடையில் அந்த ஐந்து, பத்துக் கிலோ யாருக்கும் தெரியாது. டிரைவரின் எடையில் அது பெரும் பிழை. இதே முறையில் ஒரு கடிதத்தை எடை போட்டால் பெரும்பாலும் பூச்சியமே கிடைக்கும்.

h = 1e-15 என்ற வரியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது அப்படியே தெரிகிறது. exp(1+h), exp(1) இரண்டும் 4.44e-16 இடைவெளியில் நிற்கும் புள்ளிகள். ஆகவே அவற்றின் வித்தியாசம் 4.44e-16-இன் முழு மடங்காக மட்டுமே இருக்க முடியும். அதை 1e-15-ஆல் வகுத்தால் வரக்கூடிய விடைகள் 0.444, 0.888 என்று 0.444-இன் மடங்குகள் மட்டுமே. ஆறு மடங்கு என்றால் 2.66, ஏழு மடங்கு என்றால் 3.11. சரியான விடையான 2.718 அந்தப் பட்டியலிலேயே இல்லை! கணினிக்குக் கிடைத்தது ஏழு மடங்கு.

ஏன் இன்னும் நெருக்கமான ஆறு கிடைக்கவில்லை? 1-உடன் 1e-15-ஐக் கூட்டும்போதே முழுதாக்கல் நடந்துவிட்டது. 1e-15 என்பது 2.22e-16-இல் நாலரை மடங்கு. அது ஐந்து மடங்காக, அதாவது 1.11e-15 ஆக, மாறிவிட்டது. நாம் கேட்ட தூரம் ஒன்று, கணினி நகர்ந்த தூரம் வேறொன்று. அனுபவப்பட்டவர்கள் இதனால்தான் கேட்ட h-ஆல் வகுக்காமல், (x+h) - x என்று கணினியிலேயே கழித்துப் பார்த்து, உண்மையில் நகர்ந்த தூரத்தால் வகுப்பார்கள். அப்படி வகுத்தால் இங்கே ஐந்தில் பதினான்கு, அதாவது 2.8 வருகிறது. 3.11-ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் மேலே சொன்ன மடங்குச் சிக்கல் அப்படியே இருக்கிறது. 1e-16-இல் நிலைமை முற்றிவிடுகிறது. அது வெற்றிடத்தின் பாதியைவிடச் சிறியது என்பதால் 1+h திரும்பவும் 1 ஆகவே நிற்கிறது, வித்தியாசம் பூச்சியம்.

இப்போது இரண்டு பிழைகளையும் தராசில் வைக்கலாம். ஒவ்வொரு மதிப்பிலும் 2.22e-16 வரை பிழை இருக்கக்கூடும், இரண்டு மதிப்புகளுக்கும் சேர்த்து 4.44e-16. அதை h-ஆல் வகுக்கிறோம். ஆகவே முழுதாக்கல் பிழை h சிறுக்கச் சிறுக்க வளர்கிறது. வெட்டுப் பிழை 1.36 × h; அது h-உடன் சேர்ந்து தேய்கிறது. ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் இப்படிப்பட்ட இரண்டின் கூட்டுத்தொகை, இரண்டும் சமமாகும் இடத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். சமப்படுத்தினால் h ஏறத்தாழ 1.8e-8. நம் சோதனையில் 1e-8-இல் நல்ல விடை வந்தது தற்செயல் அல்ல. பொதுவாகச் சொன்னால் இது 2.22e-16-இன் வர்க்கமூலத்தை ஒட்டிய எண். கணினியிடம் 16 இலக்கம் இருந்தும், இந்த முறையில் நம்பத்தக்க இலக்கங்கள் எட்டுதான். பாதி வளைவுக்குப் போகிறது, பாதி கழித்தலுக்குப் போகிறது.

எட்டு போதாது என்றால் h-ஐக் குறைத்துப் பயனில்லை, சூத்திரத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போகாமல் x+h, x-h என இரண்டு பக்கமும் போய், வித்தியாசத்தை 2h-ஆல் வகுப்பது மைய வேறுபாடு. வளைவால் வரும் முதல் பிழை இரு பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. மிஞ்சுவது h-இன் வர்க்கத்தைச் சார்ந்தது. h = 0.01-க்கே பிழை 0.000045-ஆகச் சுருங்கிவிடுகிறது. வெட்டுப் பிழை இவ்வளவு வேகமாகத் தேய்வதால் h-ஐ அவ்வளவு சிறிதாக்க வேண்டிய தேவையும் இல்லை. சமநிலை 1e-5-க்குப் பக்கத்திலேயே வந்துவிடும், பத்து இலக்கம் வரை கிடைக்கும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, சார்பின் மதிப்பு x-இல் ஏற்கெனவே கையில் இருந்தாலும் இரண்டு புதிய மதிப்புகள் கணக்கிட வேண்டும் என்பது. ஒரு மதிப்புக்கே நிரல் ஒரு மணி நேரம் ஓடும் இடத்தில் அது சின்ன விலை அல்ல.

நடைமுறையில் இரண்டு இடங்களில் இந்தக் கணக்கு பெரிதும் சறுக்குகிறது. முதலாவது, 1e-8-ஐ மந்திர எண்ணாக எடுத்துக்கொள்வது. scipy நூலகத்தின் approx_fprime தானாக எடுத்துக்கொள்ளும் இடைவெளியும் 1.49e-08 தான். சார்பின் மதிப்பு 16 இலக்கம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் வந்த எண் அது. உள்ளே சமன்பாடுகளைத் தோராயமாகத் தீர்த்து ஆறு இலக்கம் மட்டுமே சரியாகத் தரும் நிரலுக்கு, மதிப்பிலேயே 1e-6 அளவு நடுக்கம் இருக்கிறது. அதை 1e-8-ஆல் வகுத்தால் நூறு! உண்மையான வகைக்கெழு 3 ஆக இருந்தாலும் விடை 100 என்றோ -80 என்றோ வரலாம். அங்கே வர்க்கமூலம் எடுக்க வேண்டியது 1e-6-க்கு, இடைவெளி 0.001-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

இரண்டாவது, x பெரிய எண்ணாக இருப்பது. 1970 முதல் எண்ணும் யூனிக்ஸ் நேரம் இன்று 170 கோடி விநாடிகளைத் தாண்டிவிட்டது. அந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 2.4e-7 வெற்றிடம் இருக்கிறது. 1.49e-08-ஐக் கூட்டினால் எதுவும் நகராது. வகைக்கெழு பூச்சியம் என்று வரும். மிகக்குறைந்த மதிப்பைத் தேடும் நிரல் அதைப் பார்த்து, பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டோம் என்று முதல் அடியிலேயே நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. x-இன் அளவுக்கு ஏற்ப h-ஐயும் பெருக்கிக்கொள்வதே இதற்கு மருந்து.

சரியான விடை தெரியாதபோது எந்தப் பிழை ஆள்கிறது என்று எப்படிக் கண்டுகொள்வது? h-ஐப் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே போய், அடுத்தடுத்த விடைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். நம் சார்பில் 0.1, 0.01, 0.001, 0.0001 என்று போகும்போது வித்தியாசங்கள் 0.127, 0.0123, 0.00122 என்று ஒழுங்காகப் பத்தில் ஒன்றாகின்றன. இந்த ஒழுங்கு இருக்கும்வரை வெட்டுப் பிழையின் ஆட்சி, இன்னும் குறைக்கலாம். ஒழுங்கு கலைந்து விடைகள் மேலும் கீழும் துள்ளத் தொடங்கினால் முழுதாக்கல் பிழை உள்ளே வந்துவிட்டது. துள்ளுவதற்கு முந்தைய h-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

கழித்தலே இல்லாமல் தப்பிக்கும் வழி ஒன்றும் உண்டு. லைனஸ், மோலர் இருவரும் 1967-இல் இதற்கான அடித்தளத்தைப் போட்டார்கள். ஸ்கொயரும் டிராப்பும் 1998-இல் சியாம் ரிவ்யூ இதழில் எளிய வடிவத்தை எழுதினார்கள். x-ஐ மெய்யெண் கோட்டில் நகர்த்தாமல் கற்பனை எண் திசையில் ih அளவு நகர்த்தி, வரும் விடையின் கற்பனைப் பகுதியை மட்டும் எடுத்து h-ஆல் வகுக்க வேண்டும். நம் சார்பில் அந்தக் கற்பனைப் பகுதி e × sin h. கழிக்க எதுவும் இல்லாததால் h-ஐ 1e-20 என்று வைத்தாலும் 16 இலக்கமும் கிடைக்கிறது:

```python
import cmath
print(cmath.exp(1+1e-20j).imag/1e-20)
```

சார்பை எழுதிய நிரல் முழுவதும் சிக்கலெண்களை ஏற்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. உள்ளே ஓர் இடத்தில் abs() இருந்தாலோ, இரண்டு எண்களில் எது பெரியது என்ற ஒப்பீடு இருந்தாலோ முறை உடைந்துவிடும். மூலநிரல் கையில் இல்லாத மென்பொருளுக்கும், கருவியில் அளந்தெடுத்த தரவுக்கும் இந்த வழி திறப்பதில்லை. அங்கே மதிப்பில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கது என்று முதலில் மதிப்பிட்டு, அதற்கு ஏற்ற h-ஐத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை.