மருந்தாளுநர் விட்டுக்கொடுக்கக் கூடாத வேலைகள்

அமெரிக்க மருந்துக்கடைகளில் மருந்துச் சீட்டைக் கையில் வாங்குபவர் பெரும்பாலும் மருந்தாளுநர் அல்ல, டெக்னீஷியன். சீட்டில் உள்ளதைக் கணினியில் பதிவது, மாத்திரை எண்ணுவது, லேபிள் ஒட்டுவது, காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கோருவது, இருப்பைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. மருந்தாளுநரோ பல ஆண்டுகள் படித்து பார்ம்.டி. பட்டமும் மாநில உரிமமும் பெற்றவர். கையால் முடிகிற வேலைகளை அவர் டெக்னீஷியனிடம் விடலாம். ‘இந்த மருந்து இந்த நோயாளிக்குச் சரியா’ என்ற முடிவை விட முடியாது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஒரு முதியவருக்குச் சிறுநீர்த் தொற்று. மருத்துவர் கோ-டிரைமாக்சசோல் எழுதுகிறார். டெக்னீஷியன் அதைப் பதிந்ததும் திரையில் எச்சரிக்கை வருகிறது: இரண்டும் சேர்ந்தால் ரத்தப்போக்கு ஏற்படலாம். நாள் முழுக்க இப்படி எச்சரிக்கைகள் வருவதால், அவற்றைத் தட்டிவிட்டுப் போகக் கை பழகிவிடும். ஆபத்தே அங்குதான். அதை நீக்கும் அதிகாரம் டெக்னீஷியனுக்கு இல்லை. மருந்தாளுநர் பழைய பதிவுகளைப் பார்த்து, மருத்துவரை அழைத்து, வேறு நுண்ணுயிர்க்கொல்லி தரலாமா, ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்யலாமா என்று பேசி முடிவெடுக்க வேண்டும்.

கடைசிச் சரிபார்ப்பும் அவருடையதே. 2006இல் ஒஹாயோ மாநிலத்தில் எமிலி ஜெர்ரி என்ற இரண்டு வயதுக் குழந்தைக்குப் புற்றுநோய் மருந்து கலக்க, 0.9 சதவீத உப்புக்கரைசலுக்குப் பதிலாக 23.4 சதவீதக் கரைசலை டெக்னீஷியன் பயன்படுத்திவிட்டார். இருக்கவேண்டியதைவிட 26 மடங்கு உப்பு. மருந்தாளுநர் அதைக் கவனிக்காமல் ஒப்புதல் கொடுத்தார், குழந்தை இறந்தது. சிறைக்குப் போனவர் மருந்தாளுநர். கலந்து முடித்த பையைப் பார்த்து எந்தக் கரைசல் என்று சொல்ல முடியாது. இரண்டும் நிறமற்ற நீர்தான். அதனால் காலிக் குப்பிகளையும், எடுத்த அளவைக் காட்டும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சரிபார்க்க வேண்டும். அப்போது ஒஹாயோவில் டெக்னீஷியன்களுக்குத் தகுதி வரையறை எதுவும் இல்லை. 2009இல் வந்த ‘எமிலி சட்டம்’ அதைக் கொண்டுவந்தது.

ஆலோசனையில் கோடு இன்னும் மெல்லியது. “மருந்தாளுநரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று டெக்னீஷியன் கேட்கலாம். “சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?” என்று நோயாளி கேட்டால், லேபிளில் இருப்பதை வாசித்துக் காட்டுவதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். “தலை சுற்றுகிறது, நிறுத்திவிடலாமா?” என்றால் உடனே மருந்தாளுநரைக் கூப்பிட வேண்டும்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் மருத்துவமனை வார்டுகளுக்கு ஒரு டெக்னீஷியன் எடுத்துவைத்த மருந்துகளை, தனிப் பயிற்சி பெற்ற இன்னொரு டெக்னீஷியனே சரிபார்க்கலாம். ஆனால் அதற்கு முன்பே மருத்துவரின் உத்தரவை மருந்தாளுநர் ஆராய்ந்து முடித்திருப்பார். அவர்கள் ஒப்பிடுவது மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை மட்டுமே.