விடுப்பை எப்போது எடுப்பது?

வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பாமார்கள் பிளஸ் டூ ரிசல்ட்டைக் கணக்கிட்டு மே மாதத்திலேயே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். பொறியியல் கவுன்சிலிங்கைப் பொறுத்தவரை அது வீண் செலவு என்பது நம் அனுபவம். மே, ஜூனில் விண்ணப்பமும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான் நடக்கும். பிள்ளை விடுதிக்குப் போகும்போது வாப்பாவின் விடுப்பு தீர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 2018 முதல் இந்தக் கவுன்சிலிங் ஆன்லைனில்தான். சென்னைக்குப் போய் வரிசையில் நிற்கும் வேலை இல்லை. ஆனால் நாட்கள் குறுகியவை. கல்லூரிப் பட்டியலைப் பதிவு செய்ய மூன்று நாள் போலத் தருவார்கள். பிறகு தற்காலிக ஒதுக்கீடு வரும். அதை உறுதி செய்ய இரண்டு நாள்தான். அந்த நேரத்தில் பதிவு செய்த கைப்பேசி எண் ஊரில், பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். வாப்பாவின் வெளிநாட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் டியூட்டி முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

உறுதி செய்யும்போது, கிடைத்த இடத்தில் உடனே சேரலாம்; அல்லது அதை வைத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே எழுதிய கல்லூரி கிடைக்குமா என்று காத்திருக்கலாம். காத்திருப்பவருக்குக் கல்லூரியே மாறலாம். அந்த முடிவு வரும்வரை விமான டிக்கெட் போடாதீர்கள்.

கட்டணம் கட்டிச் சேர்வதற்குச் சில நாட்களே அவகாசம் இருக்கும். அதற்கு உம்மாவோ மாமாவோ கூடப் போனால் போதும். வாப்பா வர வேண்டியது விடுதி திறக்கும்போது.

சவூதியில் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுப்பு குறைந்தது 21 நாள். அதில் ஆறு நாள் சாமான் வாங்கவும் மூலச் சான்றிதழ்களை நகலெடுக்கவும். ஏழாம் நாள் விடுதியில் விடுவது. மிச்சம் 14 நாள். உடனே அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டாம். ஊருக்குத் திரும்பி, இரண்டாம் வார விடுமுறையில் போய்ப் பாருங்கள். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அறைத்தோழனுடன் பிணக்கு என்பதெல்லாம் முதல் நாளில் தெரியாது. துணிமணி துவைக்காமல் குவிந்திருக்கிறதா, சாப்பிடப் போகிறானா என்று கண்ணால் பார்த்தால் புரியும்.

விடும் நாளிலேயே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். ராகிங் தடுப்பு உறுதிமொழியில் பெற்றோர் ஒப்பமும் வேண்டும். அதை அன்றே போட்டுவிடலாம். ராகிங் புகாருக்கான தேசிய எண் 1800-180-5522, பிள்ளையின் கைப்பேசியில் இருக்கட்டும். அடுத்து, வெளியே அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர் பட்டியலில் உம்மாவின் பெயரோடு ஊரிலிருக்கும் மாமா அல்லது சாச்சாவின் பெயரையும் புகைப்படத்தையும் கொடுங்கள். இல்லையென்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் இரவில் வார்டன் தேடுவது கடல் கடந்த உங்களைத்தான். மூன்றாவது, ஜும்ஆ நேரத்தில் வகுப்பு இருக்கிறதா, பக்கத்துப் பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்பதை வார்டனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.