எந்த 7 மணி? ஒன்பது மெயில், பத்து நிமிஷச் சாட், ஒரு பிழை



இந்த வார எபிசோடில் வேலை இடத்து மெசேஜ்களைப் பற்றிக் கதைக்கேக்க, நான் என்ர டீமுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழ்தினதைச் சொன்னன். அதில என்ன இருந்தது, ஏன் எழுத வேண்டி வந்தது எண்டதை இங்கே முழுசாகச் சொல்லுறன்.

நான் லண்டனில ஒரு சின்ன சொஃப்ட்வேர் டீமுக்கு லீட். பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் கொழும்பில. வகுப்புகளுக்குப் பதிவு செய்யிற ஒரு ஆப்பைப் பார்க்கிறோம். போன கோடையில், காலை வகுப்புக்காரருக்குப் போற நினைவூட்டல் செய்தியின் நேரத்தை மாத்தச் சொல்லி நான் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் மெயில் போட்டன்: "இனி 7 மணிக்குப் போகட்டும்." அவ்வளவுதான்.

கொழும்பில இருந்த தங்கச்சி செவ்வாய்க்கிழமை கேட்டாள்: "எந்த 7?" நியாயமான கேள்வி. எங்கட சர்வர் யூடிசி நேரத்தில ஓடுது. கோடையில லண்டன் அதைவிட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. "லண்டன் 7" எண்டு நான் பதில் போட முதல், இன்னொருவர் "அப்ப சர்வரில 6 போடவா?" எண்டு கேட்டுவிட்டார். அதை மட்டும் வாசிச்ச மூண்டாவது ஆள், "ஏன் 6? கேட்டது 7 தானே" எண்டார். புதன்கிழமை மத்தியானம் அது ஒன்பதாவது மெயில். ஒருவரும் மற்றவரோட முரண்படேல்லை. எல்லாரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பேந்து நான் சாட்டில் மூண்டு பேரைக் கூப்பிட்டன். பத்து நிமிஷம். சர்வரில 6 போடுறது, ஒக்டோபரில மணிக்கூடு மாற முதல் கோடை திருத்திறது எண்டு முடிவு. எல்லாருக்கும் சந்தோசம்.

ஆனால் அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் அண்டைக்கு லீவு. வெள்ளிக்கிழமை வந்து மெயிலைத் திறந்தார். கடைசி மெயிலில் "கேட்டது 7 தானே" எண்டு இருந்தது. 7 போட்டார். திங்கட்கிழமை நினைவூட்டல் லண்டன் நேரம் 8 மணிக்குப் போனது. அப்ப 7:45 வகுப்பு தொடங்கிவிட்டது.

அவரில் பிழையே இல்லை. பிழை என்னில. மெயிலில தேவைக்கு மேல நிண்டன். பிறகு சாட்டுக்குப் போய்த் திரும்பி வரேல்லை.

இதைப் பற்றித் தங்கச்சியோட கதைக்கேக்க இன்னொரு விசயம் வெளியில வந்தது. என்ர முதல் மெயில் அவளுக்கு இரவு 9 மணிக்குப் பிறகுதான் போயிருக்கு. ஏன் அந்த நேரம் திறந்து பார்த்தாய் எண்டு கேட்டன். "அக்கா, நீங்கள் போட்டால் உடன பாக்கத்தானே வேணும்" எண்டாள். நான் ஒருநாளும் அப்படிக் கேட்கேல்லை. ஆனால் அப்படி வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. சொல்லாமல் விட்ட இடத்தை மரியாதையும் பயமும் நிரப்பிவிடும்.

அதுக்குப் பிறகுதான் குறிப்பு எழுதினன். அதில இருந்தது இதுதான்.

முதலாவது, நேரம். மெயிலுக்கு ஒரு வேலை நாள். அது பெறுபவரின் வேலை நேரத்தில் எண்ணப்படும், அனுப்புபவரின் நேரத்தில் இல்லை. பதில் எண்டால் முழு விடை எண்டு அர்த்தமில்லை. "பாத்திட்டன், வியாழன் மத்தியானம் சொல்லுறன்" எண்டாலே போதும். சாட்டுக்கு இரண்டு மணித்தியாலம், அதுவும் இரண்டு ஊரும் வேலையில் இருக்கிற நேரத்தில் மட்டும். உண்மையிலேயே அவசரம் எண்டால் ஃபோன் அடிக்க வேணும். ஃபோன் எண்ட வழி தெளிவாக இருந்தால்தான், மற்றவர்கள் இரவில சாட்டைக் காவல் காக்காமல் நித்திரை கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் 9 முதல் 5:30 வரை வேலை எண்டு வையுங்கோ. கோடையில வித்தியாசம் நாலரை மணித்தியாலம், அதால பொது நேரம் லண்டன் 9 முதல் 1 வரை. ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூடு பின்னுக்குப் போகும், அங்கே மாறாது. பொது நேரம் 12 மணியோட முடிஞ்சிடும். ஒரு மணித்தியாலம் சத்தமில்லாமல் காணாமல் போகுது. அதால அந்தத் திங்கட்கிழமை குறிப்பைத் திரும்ப அனுப்புறன்.

இரண்டாவது, எப்ப சாட்டுக்கு மாறுறது. ஒரே கேள்வி இரண்டு தரம் சுத்தி வந்தால் மாறுங்கோ. இரண்டு பேரின் பதில்கள் குறுக்கே போனால் மாறுங்கோ. எங்கட கதையில் "எந்த 7?" எண்ட கேள்விதான் அந்த இடம்; ஒன்பதாவது மெயில் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் வெளி ஆட்கள் இருக்கிற மெயிலையோ, தேவையான ஆள் நித்திரையாக இருக்கிற நேரத்திலயோ மாத்தாதேங்கோ. சாட் வேகமானது, ஆனால் அங்கே இல்லாதவருக்கு அது பூட்டின அறை.

மூண்டாவதுதான் முக்கியம்: திரும்பி வாறது. போக முதல் மெயிலில் ஒரு வரி: "இதைச் சாட்டில் கதைக்கிறம், முடிவை நான் இங்கே எழுதுவன்." எழுதப் போறவரின் பெயர் அதில இருக்க வேணும், இல்லாட்டி ஒருத்தரும் எழுதமாட்டினம். முடிஞ்ச பிறகு அதே மெயிலில் மூண்டு வரி:

"முடிவு: லண்டன் 7 மணி, சர்வரில 6.
செய்யிறவர்: நீங்கள், வெள்ளி மத்தியானத்துக்குள்ள.
மிச்சம்: மணிக்கூடு மாற முதல் கோடைத் திருத்த வேணும்."

இது இருந்திருந்தால் லீவில் இருந்தவர் சரியாகச் செய்திருப்பார்.

எழுதி வைச்சால் மட்டும் போதாது எண்டதுக்கு இந்த ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கு. 2023 ஓகஸ்டில் எரிசக்திக் கட்டுப்பாட்டு நிறுவனமான ஓஃப்ஜெம், மோர்கன் ஸ்டான்லிக்கு 54 லட்சம் பவுண்டுக்கு மேல அபராதம் விதிச்சது. அவையின்ர வர்த்தகர்கள் தனிப்பட்ட ஃபோனில வாட்ஸ்அப்பில் கதைச்ச வியாபாரம் பதிவாகேல்லை எண்டதுதான் குற்றம். வாட்ஸ்அப் பாவிக்கக் கூடாது எண்டு கம்பனியில விதி இருந்தது. அதை நடைமுறைப்படுத்தப் போதிய அளவு செய்யேல்லை எண்டதுதான் ஓஃப்ஜெமின் முறைப்பாடு. எங்களுக்கு அபராதம் இல்லை, ஆனால் பிழை ஒரே மாதிரி: முடிவு ஒரு இடத்தில், பதிவு இன்னொரு இடத்தில்.

குறிப்பு வேலை செய்யுதா எண்டு பார்க்க நான் ஒரு அடையாளத்தை மட்டும் கவனிக்கிறன். சாட்டில் "மெயில் பாத்தீங்களா?" எண்டு ஆராவது கேட்டால், எங்கட ஒரு நாள் கணக்கை அவர் நம்பேல்லை எண்டு அர்த்தம். முதல் மாதம் அப்படிக் கேட்டது பெரும்பாலும் நான்தான். இப்ப பின்னேரம் எழுதிற மெயிலை அடுத்த நாள் கொழும்பு காலைக்குப் போகிற மாதிரி நேரம் வைச்சு அனுப்புறன். லீட் தானே முறிக்கிற விதியை ஆரும் விதியாக எடுக்கமாட்டினம்.

தங்கச்சி போன கிழமை ஒரு மெயிலுக்குப் பதினெட்டு மணித்தியாலம் கழிச்சுப் பதில் போட்டாள். மன்னிப்புக் கேட்கேல்லை. வாசிச்சிட்டுச் சிரிச்சன்.

அடுத்த எபிசோடில் சந்திப்பம்.