1,100 எப்படி 18 ஆனது?

இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பது நல்லதா, வாரம் ஒருமுறை கொடுத்தால் போதுமா? இதற்கு ஒரே ஓர் ஆய்வை வைத்துப் பதில் சொல்ல முடியாது. இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து, முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி சலித்து, மிஞ்சியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை முறைசார் மீளாய்வு என்கிறார்கள். எத்தனை கிடைத்தன, எத்தனை கழிந்தன, எத்தனை தேறின என்பதைக் கட்டங்களும் அம்புகளுமாகக் காட்டும் படத்துக்குப் பிரிஸ்மா ஓட்டப்படம் என்று பெயர். 2009இல் வெளிவந்த பிரிஸ்மா வழிகாட்டுதல் 2020 பதிப்பில் திருத்தப்பட்டது.

இந்தப் படம் ஆய்வாளரின் நோட்டில் பிறக்கிறது. நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது என்று எண்ணிவைத்த நோட்டு அது. அப்படி ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

பப்மெட்டில் 412, எம்பேஸில் 538, கோக்ரேன் சென்ட்ரலில் 150 என்று தேடலில் 1,100 பதிவுகள் கிடைத்தன. ஒரே கட்டுரை இரண்டு மூன்று தளங்களில் இருக்கும் என்பதால், இரட்டிப்பாக வந்த 287 நீக்கப்பட்டன. மிச்சத்தின் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து 741 கழிக்கப்பட்டன. முழுக் கட்டுரைக்காகத் தேடியவற்றில் 4 எங்கும் கிடைக்கவில்லை. இந்த நான்குக்குத் தனிக் கட்டம் 2020 பதிப்பில்தான் வந்தது.

1,100 − 287 = 813
813 − 741 = 72
72 − 4 = 68

இதுவரை சிக்கல் இல்லை. மேல் கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்தைக் கழித்தால் கீழ்க் கட்டம் வர வேண்டும், வருகிறது. முழுதாகப் படித்த 68 கட்டுரைகளில்தான் கணக்கு இடிக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நீக்கத்துக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். நோட்டில் மூன்று காரணங்களுக்குக் கீழே கோடுகள் இருக்கின்றன: ஆய்வில் இருந்தவர்கள் வேறு வகையினர் 19, ஒப்பிட வேறு குழு இல்லை 17, தேவையான அளவீடு எடுக்கப்படவில்லை 16. கூட்டினால் 52. 68இல் 52 போனால் 16 மிஞ்ச வேண்டும். ஆனால் தேறிய கட்டுரைகளின் கட்டில் 21 இருக்கின்றன.

ஐந்து கட்டுரைகள் எங்கே அதிகமாயின? கோடு மட்டும் போட்டிருந்தால் 68 கட்டுரைகளையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும். நல்லவேளையாக, ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் கட்டுரையின் வரிசை எண் எழுதப்பட்டிருந்தது. பார்த்தால், ஐந்து எண்கள் இரண்டு காரணங்களின் கீழும் இருந்தன. அந்தக் கட்டுரைகளில் ஆட்களோ ஒப்பீட்டுக் குழுவோ பொருந்தவில்லை, அளவீடும் இல்லை. குறைகள் 52, கட்டுரைகள் 47. கட்டத்தில் எழுத வேண்டியது கட்டுரைகளின் எண்ணிக்கை.

இதற்குத் தீர்வு, காரணங்களை வரிசைப்படுத்திக்கொள்வது. முதலில் ஆட்கள், அடுத்து ஒப்பீட்டுக் குழு, கடைசியில் அளவீடு என்று வைத்து, முதலில் பொருந்தும் காரணத்தை மட்டும் எழுதினால் 19, 17, 11 என்று 47 வருகிறது. 68இல் 47 போக 21. கணக்கு நேராகிவிட்டது.

அப்படியானால் கடைசிக் கட்டத்தில் ஏன் 18 ஆய்வுகள் என்று இருக்கிறது? இது பிழை இல்லை. ஓர் ஆய்வைப் பற்றிப் பல கட்டுரைகள் வரலாம். முதல் முடிவு ஓர் இதழில் வரும். ஓராண்டு கழித்த நிலவரம் இன்னொன்றில் வரும். இந்த 21இல் ஓர் ஆய்விலிருந்து 3 கட்டுரைகள், மற்றொன்றிலிருந்து 2, மீதி 16 ஆய்வுகளிலிருந்து ஒவ்வொன்று. ஆக 18 ஆய்வுகள், 21 கட்டுரைகள். கடைசிக் கட்டத்தில் இரண்டையும் எழுத வேண்டும். இதைக் கவனிக்காமல் 21 ஆய்வுகள் என்று கொண்டால், மூன்று கட்டுரை வெளியிட்ட ஆய்வில் பங்கேற்ற அதே பெண்கள் மூன்று முறை எண்ணப்படுவார்கள். அந்த ஆய்வு சொல்வதற்கு இல்லாத பலம் வந்துவிடும்.

கழித்தல் சரியாக வந்தால் மட்டும் மீளாய்வு சரியாகிவிடாது. தகுதியுள்ள ஒரு கட்டுரையைத் தலைப்பைப் பார்த்தே தவறாகத் தள்ளியிருந்தாலும் படத்தில் கணக்கு நேராகவே இருக்கும். அதனால்தான் இருவர் தனித்தனியே படித்து, முடிவு மாறுபட்டால் பேசித் தீர்க்கிறார்கள். படத்தில் வருவது அந்த இறுதி முடிவின் எண்.

மீளாய்வு தொடங்குபவர்கள் கோடுகளோடு நிறுத்தாமல், கட்டுரைக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு காரணம் என்று பட்டியல் வையுங்கள். காரணங்களின் வரிசையை முதல் கட்டுரையைப் படிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். வாசிப்பவர்கள், இப்படியொரு படம் கண்ணில் பட்டால் பென்சிலை எடுத்துக் கழித்துப் பாருங்கள். எண் இடித்தால், அதற்கு விளக்கம் கிடைக்கும்வரை அந்த மீளாய்வின் முடிவை ஏற்க வேண்டாம்.