தடம் அழிந்த மணல்

ராஜஸ்தானில் ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சம் மணல்மேடுகள் இருக்கின்றன. சாயங்காலமானால் ஒட்டகம், ஜீப், கூட்டம் என்று ஒரே அமர்க்களம். சுற்றுலா விளம்பரத்தில் வரும் பாலைவனத்திலோ ஒரு காலடிகூடத் தெரியாது. யாரும் வருவதற்கு முன் போய் எடுத்த படமாக இருக்கும். இல்லையென்றால் யாரோ கணினி முன் உட்கார்ந்து தடங்களை அழித்திருப்பார்கள். அழிப்பது பெரிய காரியமில்லை. அழித்த இடத்தில் மணலை மறுபடி உண்டாக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

படத்தில் காலடி என்பது வெறும் வெளிச்சமும் நிழலும்தான். சாய்வெயிலில் குழியின் ஒரு விளிம்பு இருண்டும் எதிர்விளிம்பு பளிச்சென்றும் தெரியும். உச்சிவெயிலில் அதே தடம் பாதி மறைந்துவிடும். ஆனால் காற்று மணலில் இழைத்த வரிகளை எடுத்துக் காட்டுவதும் அந்தச் சாய்வெயில்தான். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஓடும் அந்த வரிகளுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. காற்று வரும் பக்கம் மெல்லச் சரிந்திருக்கும், மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். அங்கங்கே இரண்டு வரிகள் ஒன்றாகச் சேரும். படத்தில் அருகே அகலமாகத் தெரிபவை, தூரம் போகப்போக நெருங்கிவிடும். ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் இந்த வரிகளே.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வெயில் இடப்புறமிருந்து வருகிறது. கீழே ஒரு வரிசைக் காலடிகள். அவற்றுக்கு அப்பால் ஒரு ஜீப்பின் டயர் தடம் மேட்டு விளிம்புவரை சாய்வாகப் போகிறது. போட்டோஷாப்பில் முதலில் காலியான புது லேயர் ஒன்றைத் திறந்து, கருவியின் Sample பட்டியலில் Current & Below என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மூலப்படம் கைபடாமல் இருக்கும்.

கருவிகள் இரண்டு போதும். குளோன் ஸ்டாம்ப், ஓரிடத்து மணலை உள்ளபடியே இன்னோர் இடத்தில் வைக்கும். 2002-ல் போட்டோஷாப் 7-இல் வந்த ஹீலிங் பிரஷ், மணலின் நயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் அக்கம்பக்கத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். காலடிக்கு மாற்று மணலை அதற்கு நேர் இடத்திலோ வலத்திலோ, அதே உயரத்தில் எடுக்க வேண்டும். மேலேயோ கீழேயோ எடுத்தால் வரியின் அகலம் ஒத்துவராது. காலடியால் அறுந்த வரியின் நுனியில் மாற்று வரியின் முகட்டைச் சரியாகப் பொருத்திவிட்டு அழுத்த வேண்டும், சேலைக் கரையைக் கரையோடு சேர்த்துத் தைப்பதுபோல. ஒரு தடவைக்கு ஓரிரு வரிகள் போதும்.

பலர் தவறவிடுவது குழியைச் சுற்றியுள்ள மணலை. கால் மிதிக்கும்போது மணல் வெளியே தள்ளப்பட்டு ஒரு வரம்பு உண்டாகிறது. அதற்கும் நிழல் உண்டு. குழியை மட்டும் மூடினால் சமதரையில் காரணமில்லாமல் ஒரு வளைவு மிஞ்சும்.

டயர் தடம் கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போவதால், ஒரே மாதிரி மணல் முழுக்கப் பொருந்தாது. நான் முதலில் நாலைந்து இடங்களில் குறுக்கே பாலம் போட்டு அதைத் துண்டாக்கிவிடுவேன். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் பக்கத்து மணல். மேட்டு விளிம்பை நெருங்கியதும் ஹீலிங் பிரஷை வைத்துவிட வேண்டும். நிழல்பக்கத்து இருளை அது வெளிச்சப்பக்கத்துக்கு இழுத்து ஈஷிவிடும். அங்கே ஓரம் கூர்மையான தூரிகையோடு குளோன் ஸ்டாம்ப்தான் சரி.

முடித்ததும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, முரண் கண்ணை உறுத்தும் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். மறைந்திருந்த திட்டுகள் எல்லாம் எழுந்து வரும். ஒரே மாதிரி வரிச்சேர்க்கை மூன்று இடங்களில் தெரிந்தால் இரண்டை மாற்ற வேண்டும். திரும்பத் திரும்பப் பூசிய இடத்தில் மணல்துகள் கரைந்து பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாகியிருந்தால், அந்தப் பகுதியை அழித்துவிட்டு மறுபடி செய்வதே மேல். சோதனை முடிந்ததும் அந்த லேயரை நீக்கிவிடலாம். முன்பக்க மணலில் பெரும்பகுதி மிதிபட்டுக் கிடந்தால், எடுத்து ஒட்ட நல்ல மணலே இருக்காது. அப்படிப்பட்ட படத்தோடு மல்லுக்கட்டாமல் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

பனியில் சிக்கல் வேறு. அங்கே பெரும்பாலும் வரிகள் கிடையாது. வெள்ளையிலிருந்து நிழலுக்கு மெதுவாக மாறும் சாயல்தான் எல்லாம். அதனால் ஹீலிங் பிரஷே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். நிழலுக்குள் வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுவதால் பனிக்காலடியின் குழி நீலமாக இருக்கும். வடிவத்தை அழித்த பிறகும் அந்த நீலம் லேசாகத் தங்கிவிடுகிறது. டயர் தடமென்றால் மண்ணின் பழுப்பு. சாயல் படிப்படியாக உடைந்து பட்டை விழாமலிருக்க 16 பிட்டில் வேலை செய்வது நல்லது.

விளம்பரத்துக்கும் சுவர்ப்படத்துக்கும் இதெல்லாம் சரி. செய்திப்படத்துக்கு ஆகாது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியின் விதிகளின்படி படத்தில் இருந்த எதையும் நீக்கக்கூடாது; கடைசிச் சுற்றுகளுக்கு வரும் படங்களின் மூலக்கோப்புகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.