வாழ்த்துக் கணக்கு

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில், மார்கழி பிறந்ததும் ஊருக்குப் பொங்கல் வாழ்த்து எழுதும் வேலையும் பிறந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஏறக்குறைய நாற்பது குடும்பங்களுக்கு எழுதுகிறோம். அட்டையில் அச்சிட்ட வாசகம் எல்லோருக்கும் ஒன்றே; அதன் கீழே கையால் எழுதும் இரண்டொரு வரிதான் நம்முடையது. அந்த வரியே சென்ற ஆண்டும் போயிருந்தால்?

தந்தி இருந்த காலத்தில் இக்கவலை இல்லை. வாழ்த்து வாசகங்களுக்கு எண் உண்டு. எண்ணைக் குறித்துக் கொடுத்தால் வாசகம் போய்ச் சேரும். அது தந்தி இலாகாவின் வாசகம் என்று எல்லோருக்கும் தெரியுமாதலால், திரும்ப வந்தாலும் எவரும் குறையாக எண்ணமாட்டார். அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. கையால் எழுதும் வரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

நாங்கள் குறிப்பேடு வைக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு பிழை. தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு ஒரு மாமா இருக்கிறார். 2021 பொங்கலுக்கு அவருக்கு, "தங்கள் வயலில் விளைந்த நெல் களஞ்சியம் நிறைக்கட்டும்" என்று எழுதினோம். மறு ஆண்டு அவர் எழுதிய கடிதத்தின் நடுவே, நிலத்தை விற்றுவிட்டதாக ஒரே ஒரு வரி இருந்தது. படித்தோம், வருந்தினோம், மறந்தோம். 2023-இல் அவசரமாக அட்டைகளை எழுதியபோது கை பழகிய வழியே போயிற்று. அதே வயல், அதே களஞ்சியம். "நெல் நன்றாக விளைந்திருக்கிறது, அறுத்தவர்தாம் வேறொருவர்" என்று பதில் வந்தது. கோபமாக ஒரு சொல்லும் இல்லை. அதுவே எங்களை அதிகம் சுட்டது.

ஆகவே, அனுப்பியதை மட்டும் குறித்துக்கொள்வது போதாது. வந்ததையும் குறிக்கவேண்டும் என்று கண்டோம். முதலில் ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்தோம், அது பயன்படவில்லை. எழுத உட்காரும்போது, "இவருக்கு முன்பு என்ன எழுதினோம்?" என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேட நான்கைந்து பக்கங்களைப் புரட்டவேண்டியிருந்தது. இப்பொழுது வீட்டுக்கு ஒரு பக்கம். இடப்புறம் நாம் எழுதிய வரி, சொல் பிசகாமல். வலப்புறம் அவர்கள் எழுதியதில் புதிய செய்தி. ஏட்டின் கடைசியில் பெயர்ப் பட்டியல் ஒன்று. ஆண்டுதோறும் அனுப்பியதற்கு ஒரு கோடும், வந்ததற்கு ஒரு குறுக்குக் கோடும் இட்டால் போதும்.

வரியை அட்டையில் எழுதுமுன் ஏட்டில் எழுதவேண்டும். தபாலில் போட்ட பிறகு எழுதலாம் என்று விட்டவை எங்களிடம் எழுதப்படாமலே நின்றன. ஆண்டைக் குறிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் கடைசியில் தபாலில் சேர்த்த அட்டை அடுத்த ஜனவரிப் பொங்கலுக்கு உரியது. அனுப்பிய தேதியைக் கொண்டு எழுதினால் ஓர் ஆண்டில் இரண்டு பொங்கலும், மற்றோர் ஆண்டில் ஒன்றுமில்லாமலும் தோன்றும். பண்டிகையின் ஆண்டையே எழுதுவது நலம்.

சொல் மாறினாலும் கருத்து மாறாமற் போவதுண்டு. "பால் பொங்குக" என்பதும் "பானை பொங்கி வழியட்டும்" என்பதும் பெறுபவருக்கு ஒன்றுதான். ஆகையால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பால், கரும்பு, வயல், குழந்தை என்று கருத்தை ஒரு சொல்லால் குறிக்கிறோம். ஒரு பக்கத்தில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால் உடனே கண்ணில் படும். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால் அவர்கள் பக்கங்களையும் அடுத்தடுத்தே வைக்கவேண்டும். அட்டைகள் கைமாறிப் படிக்கப்படும் அல்லவா? துக்கம் நேர்ந்த வீட்டின் பக்கத்தில் அந்த ஆண்டைச் சுழித்துவிடுகிறோம்; அவ்வாண்டு அவர்களுக்குப் பண்டிகை இல்லை.

பெரியவர்களுக்கு எழுதும் வணக்கமும் க்ஷேமம் விசாரிக்கும் தொடக்கமும் இக்கணக்கில் சேரா. அவை ஆண்டுதோறும் அப்படியே இருப்பதுதான் மரியாதை. மாற்றினால்தான் ஏன் என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாழ்த்துக்கும் ஏட்டில் இடம் தருகிறோம். கைப்பேசியை மாற்றும்போது பழைய செய்திகள் போய்விடுவது எங்களுக்கே இருமுறை நேர்ந்தது.

மாமாவின் பக்கத்தில் 2023-க்கு எதிரே, வலப்புறம், "மாலையில் திண்ணையில் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்" என்று குறித்திருந்தோம். அதே கடிதத்தின் அடியில் இருந்த செய்தி அது. 2024 பொங்கலுக்கு அதைப் பார்த்தே எழுதினோம்: "தங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்திற்கும் மாணாக்கர் நால்வருக்கும் எங்கள் வாழ்த்து." மாணாக்கர் இப்பொழுது அறுவர் என்று பதில் வந்தது. அதையும் வலப்புறத்தில் எழுதி வைத்தோம்.